பன்னிரண்டு கணினிகளும் ஒரு சத்தமும்

வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதித் தரும் அந்த அலுவலகத்தில் பன்னிரண்டு பேர். பழைய கணினிகளை ஓரங்கட்டிவிட்டு, அறை மூலையில் ஒரே ஒரு பெரிய சர்வரை வைத்தார்கள். அதற்குள் ஆளுக்கொரு விண்டோஸ், தனித்தனிக் கணினி போலவே ஓடும். மேசையில் இருந்தது வெறும் திரையும் கீபோர்டும் ஹெட்போனும்தான்.

முதல் நாளே எல்லாம் ஊர்ந்தது. ஒரு ஃபைலைத் திறந்துவிட்டு டீ குடித்து வரலாம். மேலாளர் கத்தினார்: "இதுக்கா இவ்வளவு செலவு பண்ணோம்? நாளைக்குள்ள சரியாகலேன்னா நீ வர வேண்டாம்."

ஒப்பந்த வேலையில் இருந்த கணினிக்காரனிடம்தான் இந்தக் கத்தல். அவனுக்குக் காரணம் தெரிந்திருந்தது. புதிதாகப் போட்ட விண்டோஸ் ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள ஃபைல்களையெல்லாம் படித்துத் தேடல் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டும் ஒரே டிஸ்க்கை ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தன. இரண்டு நாள் பொறுத்தால் பாதி தானே அடங்கிவிடும். பொறுக்கத்தான் ஆளில்லை.

மறுநாள் காலை சீக்கிரமே வந்து, பன்னிரண்டுக்கும் ஒரே நேரத்தில் கட்டளையிடும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். தேடல் அட்டவணையை நிறுத்தினான். ஜன்னல்கள் மிதந்து வருவது, நிழல், கண்ணாடிப் பளபளப்பு எல்லாவற்றையும் அணைத்தான். பின்னணியில் ஓடும் சர்வீஸ்களில் தேவைப்படாது என்று தோன்றியவற்றை ஒவ்வொன்றாக முடக்கினான். பட்டியலின் கடைசியில் ஆடியோ இருந்தது. அதை நிறுத்தி மிச்சமாவது சில எம்பி மெமரிதான். ஆனாலும் கை ஓடிய வேகத்தில் அதையும் சேர்த்துவிட்டான்.

பத்து மணிக்கு அலுவலகமே வாயைப் பிளந்தது. "அடேங்கப்பா, பறக்குதுப்பா!" என்றான் முன்வரிசைக்காரன். மேலாளர் எல்லார் முன்னாலும் கணினிக்காரன் தோளில் தட்டினார். "இவனை நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதுறேன். எதையும் உடைச்சு வைக்கலயே?"

"இல்ல சார்."

கடைசி மேசையில் இருந்தவளை எல்லாரும் அக்கா என்பார்கள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் ஹெட்போனில் வாசிக்கும்; அவள் கேட்டுக்கொண்டே தட்டுவாள். ஒன்பது வருடமாக அந்த அறையில் அவளைவிட வேகமாகப் பதில் எழுதியவர் இல்லை. கணினிக்காரனை இங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான்.

அன்று அவள் ஹெட்போனில் ஒன்றுமே கேட்கவில்லை; மற்றவர்கள் ஹெட்போனைத் தொடுவதே இல்லை. மனப்பாடமாக இருந்த விசைகளைக் கொண்டு கடிதத்தைத் திறந்ததாக நினைத்து, பதிலைத் தட்ட ஆரம்பித்தாள். தோளுக்குப் பின்னால் வந்து நின்று யாரோ சிரித்தார்கள்.

"அக்கா, ஸ்டார்ட் மெனுவோட தேடல் கட்டத்துல கடுதாசி எழுதிட்டு இருக்கீங்க," என்றான் முன்வரிசைக்காரன். மேலாளர் குனிந்து, அந்தக் கட்டத்தில் முட்டிக்கொண்டு நின்ற வரியை ராகம் போட்டு வாசித்தார். அறை குலுங்கச் சிரித்தது.

சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு கணினிக்காரனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஆடியோ சர்வீஸை நிறுத்திட்டியா?"

அவன் மேலாளரைப் பார்த்தான். "இல்லக்கா. ஹெட்போன் போயிருக்கும்."

அவள் ஹெட்போனைக் கழற்றித் தன் செல்போனில் செருகி, எழுந்து அவன் காதருகே பிடித்தாள். செய்தி வாசிக்கும் குரல் கணீரென்று கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு. சர்வீஸ் பட்டியலைத் திற. ஒரு நிமிஷ வேலை."

ஒரு நிமிஷம்கூட ஆகாது. அது அவனுக்கும் தெரியும். திறந்தால் எல்லார் கண்ணிலும் படும்.

"உங்க ஸ்கிரீன் ரீடர் ரொம்பப் பழசுக்கா. புது சிஸ்டத்துக்கு அது ஒத்து வராது."

"அப்போ இனிமே இதுல வேலை செய்ய முடியாதா?" மேலாளர் கேட்டார்.

"கஷ்டம் சார்."

அவள் முகம் அவன் குரல் வந்த திசையிலேயே நின்றது. "பொய் சொல்றப்ப உனக்கு மூச்சு வாங்குதுடா," என்றாள். முன்வரிசைக்காரன் தன் மேசைக்குத் திரும்பிப் போனான்.

மதியத்துக்குள் மேலாளர் முடிவு செய்துவிட்டார். "வீட்ல இருங்கம்மா, சரியானா கூப்பிடுறோம்." பையை எடுத்துக்கொண்டு, மேசைகளை விரலால் தொட்டுத் தொட்டு அவள் வாசல்வரை தனியாகவே போனாள். வழியில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவள் போனதும் மேலாளர் கேட்டார்: "அந்தம்மா மெஷினை எடுத்துட்டா மத்ததுக்கு இன்னும் மெமரி கிடைக்கும்ல?"

"நாலு ஜிபி கிடைக்கும் சார்."

"அப்புறம் என்ன?"

அவன் சர்வர் முன்னால் உட்கார்ந்தான். அவளுடைய விண்டோஸை மட்டும் திறந்து ஆடியோ சர்வீஸை ஓட விட்டான். உடனே ஸ்கிரீன் ரீடரின் குரல் வந்தது. திரையில் இருந்ததைக் கடகடவென்று வாசித்தது. அவன் அவசரமாக ஒலியைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதை ஷட்டவுன் செய்தான். பிறகு ஃபைல்களோடு சேர்த்து அழித்தான். நாலு ஜிபியைப் பிரித்து முன்வரிசையில் இருவருக்குக் கொடுத்தான்.

அவள் இரண்டு முறை போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. அடுத்த மாதம் அவனுக்கு நிரந்தர வேலைக்கான கடிதம் வந்தது.