லேபிளில் ஒரு முகம்

மகளிர் குழுவின் ஊறுகாய்க்கும் மசாலாப் பொடிக்கும் ஒரு பிராண்டு வேண்டும் என்று முடிவான அன்றே, தலைவி ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பிராண்டு என்றால் முகம் வேண்டாமா? குழுவில் முகம் என்று சொல்லும்படி இருப்பது தன்னுடையதுதான் என்பதில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை.

சந்தேகம் பொருளாளருக்கு. அவள் தலைவிக்கு ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி.

"ஏங்க்கா, உப்பு போட்டது நானு, கிளறினது நானு. சிரிக்கிறது மட்டும் நீங்களா?"

"எல்லாரும் சிரிச்சா பாட்டில் தாங்குமாடி?"

"தாங்கும், தாங்கும்" என்றார்கள் மற்ற பத்துப் பேரும்.

அச்சகக்காரர் பன்னிரண்டு முகங்களையும் அடுக்கினார். இருநூறு கிராம் பாட்டிலில் ஆளுக்கொரு கொத்தமல்லி விதை அளவு இடம் கிடைத்தது. அந்த லேபிளை ஒரு பாட்டிலில் ஒட்டிக்கொண்டு தலைவியும் ஓரகத்தியும் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனார்கள். மேனேஜருக்குப் பிடித்தால் மசாலா அலமாரியில் ஒரு தட்டு அவர்களுக்கு.

மேனேஜர் பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கல்யாண குரூப் போட்டோ மாதிரி நல்லாத்தான் இருக்கு. என்ன ஊறுகாய்னு எங்கம்மா போட்டிருக்கு?"

"உள்ள எலுமிச்சம்பழம் தெரியுதே சார்!"

"தெரிஞ்சா போதுமா? சேர்மானம், எடை, விலை, லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், பேக் பண்ண தேதி, எது வரைக்கும் சாப்பிடலாம், எங்க செஞ்சது... ஒண்ணுமே காணோம். இதையெல்லாம் போட்டு வாங்க. தட்டு தரேன்."

மறுபடி அச்சகம். எல்லாம் ஏறிய பிறகு லேபிளில் மிஞ்சியது கட்டைவிரல் அகலம். ஒரே ஒரு முகம் வைக்கலாம். தலைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ஓரகத்தி ஏதாவது சொல்வாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அக்கா படத்தையே போட்டுடுங்க" என்றாள் ஓரகத்தி, தேன் ஒழுக.

தலைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"புகாருக்கு ஒரு போன் நம்பர் போடணுமாமே, அதுவும் அக்காவோடதே இருக்கட்டும். காரம் கூடிப்போச்சு, மூடி திறக்கலைன்னா ஜனங்க யாரைத் திட்டணும்னு தேடி அலைய வேணாம் பாருங்க. கடைவீதியிலயே பிடிச்சுக்கலாம்."

தலைவி தன் படத்தைப் பார்த்தாள். படத்திலிருந்த சிரிப்பு ஏதோ மாட்டிக்கொண்டவளின் சிரிப்பாகத் தெரிந்தது.

"முகம் எதுக்குங்க? எலுமிச்சம்பழத்தைப் போடுங்க, லட்சணமா இருக்கும்."

"அப்ப நம்பர்?" என்றார் அச்சகக்காரர்.

தலைவி என்றால் தலைவிதானே, நம்பர் அவளுடையதே ஏறியது.

தட்டு கிடைத்த வாரமே முதல் அழைப்பு வந்தது. ஊறுகாயில் உப்புத் தூக்கல் என்று ஒரு குரல் பொரிந்து தள்ளியது. தலைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். உப்புப் போட்டவள் எதிரிலேயே பாட்டில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கங்க. ஒரு நிமிஷம் இருங்க, சம்பந்தப்பட்ட பிரிவுக்குத் தரேன்" என்று சொல்லி, போனை ஓரகத்தியின் காதில் வைத்தாள்.