மேல் பாதியில் இருந்த பொய்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு போன் அக்கா மாடியேறி வந்தாள். ஆஸ்பத்திரியின் விஷத் தகவல் உதவி எண்ணில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் நர்ஸ் அவள். இருக்கையை விட்டு எழுந்து வருகிற ஆளே இல்லை.

"கத்தரி, உன் படத்தைப் பாத்தியா?"

ஆஸ்பத்திரியின் சமூக ஊடகப் பக்கத்துக்கு எழுதுபவளை எல்லோரும் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்கள் இரண்டு பக்கம் எழுதிக் கொடுப்பதை நான்கு வரியாக வெட்டித் தருவாள். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"எந்தப் படம்க்கா? வெள்ளிக்கிழமை போட்டதா? அது பிச்சிக்கிட்டுப் போகுது."

"போகுது. எங்க போகுதுன்னு பாரு."

அக்கா தன் போனை நீட்டினாள். கத்தரி செய்த படம்தான். மேல் பாதியில் சிவப்பில், பெரிய எழுத்தில்: 'குழந்தை விஷத்தைக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வையுங்கள்.' அதற்கு மேல் 'கட்டுக்கதை' என்ற சின்னப் பட்டையும், கீழ் பாதியில் பச்சை எழுத்தில் 'உண்மை'யும் இருந்திருக்க வேண்டும். இரண்டையும் யாரோ வெட்டியிருந்தார்கள். மூலையில் ஆஸ்பத்திரியின் முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது.

"காலையிலேர்ந்து மூணு பேரு. 'நீங்கதானே மேடம் சொன்னீங்க'ன்னு என்னையே கேக்கறாங்க."

கத்தரி பதிவை உடனே நீக்கினாள். கைமாறிப் போன படங்களை எப்படி நீக்குவது? அது அவள் கையில் இல்லை.

அதற்குள் அக்காவின் போன் அடித்தது. கீழே அவசரப் பிரிவிலிருந்து டாக்டரம்மா. தரை கழுவும் திரவத்தைக் குடித்த மூன்று வயதுக் குழந்தை அரை மயக்கத்தில் வந்திருக்கிறது. அந்தத் திரவத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று விசாரித்தார்.

"அதுல மயங்கற அளவுக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர்" என்றாள் அக்கா. "வீட்டுல வேற ஏதாவது கொடுத்தாங்களான்னு கேட்டீங்களா?"

"ரெண்டு தடவை கேட்டாச்சு. ஒண்ணுமே கொடுக்கலைன்னு அடிச்சுச் சொல்றாங்க."

அக்கா போனை வைத்துவிட்டுக் கத்தரியைப் பார்த்தாள். இருவரும் படியிறங்கினார்கள்.

திரைச்சீலைக்குப் பின்னால் குழந்தை சுருண்டு கிடந்தது. உதடு வறண்டு, கூப்பிட்டால் முனகியது. கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே நாற்காலியில் அதன் அம்மா, போனை இரண்டு கைகளாலும் மடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, ஏதாவது கொடுத்தீங்களா?" என்று அக்கா ஆரம்பித்தாள்.

"எத்தனை பேரு கேப்பீங்க? ஒண்ணும் கொடுக்கலைங்க."

கத்தரி அவள் முன்னால் மண்டியிட்டாள். என்ன சொல்வதென்று யோசித்து வரவில்லை. தன் போனில் அந்தப் பாதிப் படத்தைத் திறந்து காட்டினாள்.

"இது உங்களுக்கும் வந்துச்சா?"

அம்மாவின் கண்கள் படத்தில் ஒரு கணம் நின்று விலகின.

"இதை எழுதினது நான்தான்" என்றாள் கத்தரி. "தப்பை மேல பெருசா போட்டேன், சரியானதைக் கீழ போட்டேன். பாதியா வெட்டினா இப்படி ஆகும்னு எனக்குத் தோணல. யாரு பாத்தாலும் ஆஸ்பத்திரி சொல்லுதுன்னுதான் செய்வாங்க. நீங்க செஞ்சிருந்தா அது என் தப்பு, உங்க தப்பு இல்ல."

அம்மா மடியிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பாதி டம்ளர் தண்ணி. அஞ்சு ஸ்பூன் உப்பு. வாந்தியே வரல."

அக்கா அந்த நொடியே திரைக்குள் போனாள். "டாக்டர், உப்பு! அஞ்சு ஸ்பூன்!" உள்ளே குரல்கள் உயர்ந்தன. ஏறிக்கொண்டிருந்த சலைனிலும் உப்புதான் என்பதால் அதை நிறுத்தினார்கள். ரத்தத்தில் உப்பின் அளவை உடனே பார்க்கச் சொல்லி டாக்டரம்மா போனில் சோதனைக்கூடத்தை விரட்டுவது வெளியே கேட்டது.

"ஏன் முன்னாடியே சொல்லல?" கத்தரி மெதுவாகக் கேட்டாள்.

"ஆட்டோல வரும்போது முழுப் படத்தைத் தேடிப் பாத்தேன். 'இன்னுமா இதை நம்பிக்கிட்டு இருக்கீங்க?'ன்னு போட்டு, விழுந்து விழுந்து சிரிக்கிற மூஞ்சி ரெண்டு. அதுக்குக் கீழ நூறு பேரு சிரிச்சிருந்தாங்க. அதைப் பாத்தப்புறம் எந்த வாயால சொல்றது?"

அந்தச் சிரிக்கும் முகங்களைத் தேர்ந்தெடுக்கக் கத்தரி வெள்ளிக்கிழமை கால் மணி நேரம் செலவழித்திருந்தாள்.

சோதனை முடிவு வந்தது. உப்பு ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும், அவசரப்பட்டால் அதுவும் ஆபத்து, இன்று முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

மாடியில் மக்கள் தொடர்பு அதிகாரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "மறுப்பு ஒண்ணு போட்டுடலாம். 'எச்சரிக்கை, இது பொய்'னு சிவப்புல பெருசா. அந்தப் பாதிப் படத்தையும் வெச்சு மேல ஒரு குறுக்குக் கோடு அடிச்சுடு."

"வேணாம் சார். பொய்யை நாமளே இன்னொரு தடவை பரப்பின மாதிரி ஆகும். கோட்டை யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க, உப்பைத்தான் வெச்சுப்பாங்க."

"சுவாரசியமா இல்லைன்னா யார்மா படிப்பா?"

கத்தரி எழுத உட்கார்ந்தாள். முதல் வரி: 'குழந்தைக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.' போனில் போட்டுப் பார்த்தாள். நீளமான பதிவைச் சுருக்கிக் காட்டும் 'மேலும்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'வேண்டாம்' மட்டும் ஒளிந்துகொண்டது. திரையில் மிஞ்சியது பழைய பொய்யேதான். அழித்தாள்.

செய்ய வேண்டியதை முதலில் வைத்தாள்:

'குழந்தை மருந்தையோ திரவத்தையோ விழுங்கிவிட்டதா? வாயைத் துடைத்துவிட்டு உடனே எங்களை அழையுங்கள். பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சொன்ன பிறகே எதையும் குடிக்கக் கொடுங்கள்.'

அதற்குப் பிறகுதான் தவறான தகவல், ஒரே தடவை, சாதாரண எழுத்தில். அது ஏன் தவறு என்பதும் அதோடு சேர்ந்தே. வாந்தியில் திரும்பி வரும் திரவம் தொண்டையை மறுபடி புண்ணாக்கலாம், நுரையீரலுக்குள் போகலாம், உப்பே குழந்தைக்கு விஷமாகலாம். கடைசியில் மறுபடியும் உதவி எண்.

அதை அச்செடுத்து, நிஜக் கத்தரிக்கோலால் நடுவில் வெட்டி, மேல் துண்டை மட்டும் அதிகாரியிடம் கொடுத்தாள். "இது மட்டும் உங்க கைக்கு வந்தா என்ன பண்ணுவீங்க சார்?"

அவர் படித்தார். "போன் பண்ணுவேன்" என்றார்.

கீழே போய் அம்மாவிடமும் காட்டினாள். அவள் மெல்ல, விரல் வைத்துப் படித்தாள். தவறான தகவலை ஒட்டி எழுதியிருந்த 'விவரம் தெரியாதவர்கள் நம்புகிறார்கள்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இது நான்தானே?"

கத்தரிக்கு முகம் சுட்டது. சிரிக்கும் முகத்தை எடுத்தாலும் சிரிப்பு போகவில்லை. அங்கேயே நின்று அந்த வரியை அடித்துவிட்டு எழுதினாள்: 'குடித்ததை வெளியே எடுத்தால் போதும் என்று பதற்றத்தில் யாருக்கும் தோன்றும். ஒரு காலத்தில் முதலுதவிப் புத்தகங்களிலேயே அப்படி இருந்தது.'

"கொடுத்தவங்களுக்கும் ஏதாவது சொல்லுங்க" என்றாள் அம்மா. "என்னை மாதிரி மறைச்சிடப் போறாங்க."

இன்னொரு வரி சேர்ந்தது: 'ஏற்கெனவே ஏதாவது கொடுத்துவிட்டீர்களா? தயங்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டோம். அது தெரிந்தால் சிகிச்சை சரியாக அமையும்.'

மதியம் ஒரு மணிக்குப் பதிவு போனது. பழையதில் தங்கள் தவறு இருந்ததையும் ஒரு வரியில் சொல்லியிருந்தார்கள். பழையதற்குக் கிடைத்த வரவேற்பில் கால்வாசிகூட இல்லை. பாதிப் படமும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை குழந்தை கண்ணைத் திறந்து, ஊசி குத்திய நர்ஸை அடிக்கக் கை ஓங்கியது. டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். அம்மா சுவரில் சாய்ந்து சத்தம் போட்டு அழுதாள்.

புதன்கிழமை கத்தரி போன் அக்காவின் அறையில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிடுகிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்க அவளே கேட்டு வாங்கிய அரை நாள். போன் அடித்தது. அக்கா ஒலிபெருக்கியைப் போட்டாள்.

ஒரு ஆணின் குரல், மூச்சிரைக்க. "மேடம், பொண்ணு ஷாம்பூவைக் குடிச்சிட்டா. பாட்டில் கையில இருக்கு. நான் ஒரு ஸ்பூன் உப்புத் தண்ணி கொடுத்துட்டேன். அப்புறம்தான் உங்க புதுப் பதிவைப் பாத்தேன். சொல்லச் சொல்லிப் போட்டிருந்தீங்க, அதான் சொல்றேன்."

"நல்ல வேளை சொன்னீங்க" என்றாள் அக்கா, பேனாவை எடுத்துக்கொண்டே. "பொண்ணுக்கு என்ன வயசு? எவ்வளவு உப்பு போட்டீங்க?"