லைக் போட்ட காசு

எங்கள் கடையில் பில் போடுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். நான் ரெண்டு. எனக்கு வலப்பக்கம் மூணு. இடப்பக்கம் ஒண்ணு, ஆனால் அவளை மட்டும் எல்லோரும் அக்கா என்போம். வயசுக்காக இல்லை, அவளுடைய சந்தேகத்துக்காக. தன் நிழல் கூட வந்தாலும் இது எதுக்குக் கூட வருது என்று கேட்கிற ரகம்.

கள்ள நோட்டு விழுந்தால் வாங்கியவள் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அதனால் பெரிய நோட்டு எது வந்தாலும் அக்காவிடம் நீட்டிவிட்டுத்தான் கல்லாவில் போடுவோம். அவள் வெளிச்சத்தில் பிடிப்பாள், ஓரத்தைத் தடவுவாள், "ம்" என்பாள். அந்த "ம்" வந்துவிட்டால் அப்புறம் நாங்கள் யோசிப்பதே இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு மெசேஜ் வந்தது. வீட்டிலிருந்தே வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் பணம். சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குப் படித்துக் காட்டிச் சிரித்தாள்.

"சும்மா தூக்கிக் குடுக்க இவங்க என்ன என் மாமியாரா? மாமியாரே குடுத்ததில்ல. எப்படி ஏமாத்துறாங்கன்னு பாத்துடறேன்."

மூன்று வீடியோவுக்கு லைக் போட்டு, அதைப் படம் பிடித்து அனுப்பினாள். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கணக்கில் பணம் வந்துவிட்டது. அக்கா அதையும் நம்பவில்லை. வாசலில் இருந்த ஏடிஎம்மில் போய் எடுத்து, அந்த நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்து, "ம்" என்றாள். எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தாள். அடுத்து, "கொஞ்சம் பணம் கட்டினால் அதிக வருமானம்" என்று அவர்கள் ஆரம்பித்ததும் பிளாக் செய்துவிட்டாள்.

"புழுவத் தின்னுட்டுத் தூண்டிலத் துப்பிட்டேன்டி" என்றாள். நாங்கள் கைதட்டினோம். மூணுவும் கைதட்டினாள்.

அதற்கப்புறம் மூணுவின் நடையே மாறிவிட்டது. வெளியே வைத்துவிட்டு வர வேண்டிய போன் யூனிஃபார்ம் பையிலேயே கிடந்தது. ஆள் இல்லாத நேரமெல்லாம் ஸ்டோர் ரூமுக்கு ஓடினாள். பில்லில் தப்பு வந்தது. ஏதோ ஆண் விவகாரம் என்று நான் நினைத்தேன். அக்காவின் சந்தேகம் வேறு.

"கல்லாவுல கை வைக்கிறாளோ என்னவோ. ஒரு கண்ணு வை" என்றாள் என்னிடம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மூணு புருஷனை விட்டுப் பிரிந்து, மகளோடு அண்ணன் வீட்டு ஹாலில் படுக்கிறவள். அண்ணன் டிவியை அணைத்தால்தான் இவர்களுக்குத் தூக்கம். தனியாக ஒரு ரூம் பார்த்து, அட்வான்சுக்காக வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் போய்ச் சந்தேகப்படுவதா? ஆனாலும் ஒரு கண் வைத்தேன். சந்தேகம் ஒட்டுவாரொட்டி.

ஒரு மத்தியானம் உடை மாற்றும் அறையில் அவளே அக்காவிடம் வந்தாள்.

"அக்கா, அவசரமா கடன் வேணும். சாயங்காலமே திருப்பிடுவேன்."

"எதுக்கு?"

"கேக்காதீங்க, குடுங்க."

"கேக்காம எங்க அப்பனுக்கே குடுத்ததில்ல."

வேறு வழியில்லாமல் போனைக் காட்டினாள். அதே லைக் வேலை. முதலில் சில்லறை வந்திருக்கிறது. பிறகு ஒரு குரூப்பில் சேர்த்திருக்கிறார்கள். அதில் நாற்பது பேர், "வந்துருச்சு மேடம், நன்றி மேடம்" என்று ஓயாமல் ரசீது படம் போடுகிறார்கள். இவள் கொஞ்சம் கட்டியிருக்கிறாள், லாபத்தோடு திரும்பி வந்திருக்கிறது. அட்வான்ஸ் பணம் முழுவதையும் கட்டியிருக்கிறாள். இப்போது நாலு பேர் சேர்ந்து செய்கிற டாஸ்க்காம். அதில் ஒருத்தி தப்பாக அமுக்கியதால் நாலு பேர் பணமும் முடங்கிவிட்டதாம். இரண்டு மடங்கு கட்டினால்தான் வெளியே வருமாம். யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பொறாமையில் கெடுத்துவிடுவார்கள் என்று குரூப்பை நடத்துகிற அந்த மேடம் வேறு எழுதியிருந்தாள்.

"இது ஏமாத்துடி. போனது போகட்டும், இனி ஒரு பைசா போடாத."

மூணுவின் முகம் சிவந்துவிட்டது. "பொறாமைப்படுவாங்கன்னு சரியாத்தான் சொன்னாங்க."

"எனக்கா பொறாமை?"

"பின்ன? நீங்க வாங்கினப்ப நல்ல காசு, நான் வாங்கினா ஏமாத்தா? உங்களுக்கு வந்த நோட்ட வெளிச்சத்துல பிடிச்சு 'ம்'னு சொன்னீங்களே. அதுக்கப்புறம்தான் நான் சேர்ந்தேன்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மூணுவின் போனை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"சரி. அவங்க உன் கணக்குல இவ்ளோ இருக்குன்னு காட்டுறாங்கல்ல? கட்ட வேண்டியத அதுலேருந்தே கழிச்சுக்கச் சொல்லு."

மூணு எழுதினாள். பதில் உடனே வந்தது. சிஸ்டத்தில் முடியாது, புதுப் பணம்தான் கட்ட வேண்டும், நேரம் முடியப்போகிறது.

"இதுவரைக்கும் எந்தக் கணக்குக்கு அனுப்பின? காட்டு" என்றேன் நான்.

காட்டினாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர். எல்லாம் தனி ஆட்கள், கம்பெனி என்று ஒன்றுகூட இல்லை. மூணு அந்தப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரில் சாய்ந்து அழுதாள்.

அக்கா எல்லாவற்றையும் படம் பிடித்து வைக்கச் சொன்னாள். பேங்குக்கும், மோசடிப் புகார் நம்பருக்கும் பேச வைத்தாள். இன்னும் கைமாறாமல் இருந்தால் நிறுத்திப் பார்க்கிறோம், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அதற்கப்புறம்தான் மூணு அந்தக் குரூப்பில், "இது ஏமாத்து, யாரும் பணம் போடாதீங்க" என்று எழுதினாள். அடுத்த நொடி அவளைத் தூக்கிவிட்டார்கள்.

நாற்பது பேரில் ஒரே ஒருத்தியிடமிருந்து, டாஸ்க்கில் மூணுவோடு இருந்தவளிடமிருந்து, தனியாக மெசேஜ் வந்தது.

"நீங்கதானே தப்பா அமுக்கினது? உங்களாலதான் என் பணம் மாட்டிக்கிச்சு."

"நான் அமுக்கலையே! நீங்க அமுக்கினீங்கன்னு என்கிட்ட சொன்னாங்க" என்று மூணு எழுதினாள்.

மூணு வீடியோ கால் போட்டாள். நெடுநேரம் அடித்த பிறகு அந்தப் பெண் எடுத்தாள். திரையில் ஒரு மின்விசிறிதான் தெரிந்தது.

"யாரு நீங்கல்லாம்?" என்றது குரல். "என்னக் கட்ட விடாம பண்ணி, என் பங்க நீங்க எடுத்துக்கப் பாக்கறீங்களா?"

"கடையில பில் போடறவங்கம்மா. யூனிஃபார்மப் பாரு" என்றாள் அக்கா. "பணம் அனுப்பிட்டியா?"

"இல்ல. எல்லாம் போட்டு வச்சிருக்கேன். அமுக்க வேண்டியதுதான்."

"அமுக்காத."

"அவங்க ஏமாத்துறவங்கன்னா எனக்கு முதல்ல எதுக்குக் காசு குடுத்தாங்க?"

அக்கா தன் போனை எடுத்து, தனக்கு வந்த அந்தச் சின்னத் தொகையைத் தேடிப் பார்த்தாள். அனுப்பியது யாரோ ஒரு தனி ஆள். பெண் பெயர். அதை அவள் ஏன் அன்றைக்கே பார்க்கவில்லை என்று இப்போதும் எனக்கு வயிற்றெரிச்சல்.

"எனக்கும் குடுத்தாங்கம்மா" என்றாள். "அவங்க கைக்காசு இல்ல அது. இதோ நிக்கிறாளே, இவள மாதிரி ஒருத்தியக் கட்டச் சொல்லி, அத என் கணக்குக்குத் திருப்பி விட்டிருக்காங்க. நானும் வாங்கி, டீ குடிச்சிட்டேன்."

மின்விசிறி ஆடியது. திரையில் மெதுவாக ஒரு முகம் வந்தது. எங்கள் வயசுதான். கண் வீங்கியிருந்தது. எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் அவள் பார்வை மூணுவிடம் நின்றது.

"அப்போ எனக்கு வந்த காசு," என்றாள், "அது உங்களோடதா?"