அழித்த இடத்தில்

எழுந்ததும் பால் பாக்கெட்டை வெட்டினான். ஒரு டம்ளர் காபி. குளியல், சட்டை, பெல்ட். சமையலறை மேடையில் சார்ஜரில் கிடந்த சௌம்யாவின் போனை எடுத்துத் துடைத்து மறுபடியும் செருகினான். கதவைப் பூட்டியபின் தன் போனிலிருந்து அவளுக்கு ‘கிளம்பிட்டேன்’ என்று அனுப்பினான். பூட்டிய கதவுக்குப் பின்னால் அவள் போன் ஒருமுறை ஒலித்தது. அதைக் கேட்ட பிறகுதான் அபிஷேக் படியிறங்குவான்.

சௌம்யா இறந்து ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போய்விட்டன. வானகரத்தில், பைபாஸை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில், ஒரு லாரி. அன்று மதியம் அவனுக்கு ஏதோ எழுதி அனுப்பி, அவன் பார்ப்பதற்குள் அவளே அழித்திருந்தாள். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் மிச்சம். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அவன் அனுப்பியவை. அண்ணனூர்ல நிக்கிறேன். சாப்பிட்டேன். இங்க மழை.

அழித்தாலும் உள்ளே எங்கேயோ கிடக்கும், எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஆபீஸில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். அதிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. இன்று வேலைக்குப் போகவில்லை. ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்தவன் திரும்பி வந்து, அவள் போனை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினான். மற்ற கடைக்காரர்கள் தங்களால் ஆகாததை நஜீர் பாயிடம்தான் அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான்.

சந்துக்குள் சின்னக் கடை. நஜீரின் மனைவி வஹீதுன்னிசா முன்னால் உட்கார்ந்து யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார்.

“தண்ணில வுட்டியா, கீழ போட்டியா?” என்றார் நஜீர்.

“ரெண்டும் இல்ல பாய். அழிச்ச மெசேஜ் ஒண்ணு வேணும்.”

“இன்னா, ஊட்ல மாட்டிக்கினியா?”

“வீட்டுக்காரி போன்தான். இறந்துட்டாங்க.”

வஹீதுன்னிசா நிமிர்ந்து கணவனைப் பார்த்தார். “வாய வச்சிக்கினு சும்மா இருக்க முடியாதா உனக்கு?”

நஜீர் கையை நீட்டிப் போனை வாங்கினார். முதல் வேலையாக நெட்டைத் துண்டித்தார்.

“பேக்கப் பாத்தியா?”

“அது ராத்திரிதான் எடுக்குமாம். அவ மதியமே அழிச்சிட்டா.”

“உன் போன்ல?”

“அப்ப வச்சிருந்தது பழசு. எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன்.”

“சரி, பின் நம்பர் சொல்லு. இதுவும் பழைய மாடல், அதனால உள்ள போலாம். புதுசுன்னா வுடாது.”

மெசேஜ்கள் இருக்கும் கோப்பை லேப்டாப்பில் நகலெடுத்துத் துழாவ ஆரம்பித்தார். வெகுநேரம் பிடித்தது.

“அழிச்சா ஒடனே போவாது. இந்த எடம் காலின்னு போன் குறிச்சிக்கும், அவ்ளோதான். எழுத்து அங்கியே கீது, அடுத்தது வந்து அது மேல குந்துற வரைக்கும்.” திரையை அவன் பக்கம் திருப்பினார். “அவங்க எழுதுனது இருக்க வேண்டிய எடம்லாம் இதான் கீது. யாரு இது, டெய்லி அனுப்பிகினே கீறாங்க?”

கலைந்த குறியீடுகளுக்கு நடுவே தெரிந்தது: கிளம்பிட்டேன். கிளம்பிட்டேன். சாப்பிட்டேன்.

“நான்தான்,” என்றான் அபிஷேக்.

கண்ணாடியின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த வஹீதுன்னிசாவின் விரல் நின்றது.

“அன்னிக்கே ஆஃப் பண்ணி வச்சிருந்தா?” என்று கேட்டான்.

“கெடச்சிருக்கலாம். அப்பவும் உறுதியா சொல்ல முடியாது. நாள் போவப் போவ கொறஞ்சிகினே வரும்.” போனின் சார்ஜ் துளையைப் பார்த்தார். “ராத்திரில சார்ஜ் போட்டு வைப்பியா?”

“தினமும். அவ போன் செத்துடக்கூடாதுன்னு.”

“சார்ஜுல சும்மா கெடக்கும்போதுதான், வேணாம்னு வுட்ட எடத்தையெல்லாம் போன் தானா தொடைக்கும், தம்பி.”

அபிஷேக் உட்கார்ந்த ஸ்டூலிலேயே இருந்தான். சந்தின் இரு முனையும் திறந்துதான் கிடந்தன. எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கதவு, அந்த மேடை, அந்தச் சார்ஜர். ஒவ்வொரு காலையும் அந்தக் கதவடியில் நின்று, அவள் எழுதியதன் மேல் தானே எழுதியிருக்கிறான். எழுதாமல் இருந்திருந்தால் அந்த வீட்டை விட்டு ஒருநாள்கூட வெளியே வந்திருக்க மாட்டான். அதுவும் தெரிந்தது. கை அதுபாட்டுக்குச் சட்டைப்பையில் போனைத் தேடியது. பாயைப் பார்த்துவிட்டேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்.

“இன்னொரு தபா தேடுறியா?” என்று கணவனைக் கேட்டார் வஹீதுன்னிசா.

“தேடுறதுக்கு இன்னா கீது? இருந்தாத்தான கெடைக்கும்.”

வஹீதுன்னிசா அபிஷேக்கின் பக்கம் திரும்பினார். “எழுதுனது அவங்களே வேணாம்னு அழிச்சது தம்பி. வாயால கடைசியா இன்னா சொன்னாங்க?”

இத்தனை மாதங்களில் இதை யாரும் கேட்கவில்லை. அவனும் கேட்டுக்கொள்ளவில்லை. பொத்தி வைக்கும்படி அதில் ஒன்றுமில்லை. அன்று காலை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வாசலில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்று, அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

“கீசரைத் தொடாத, லேசா ஷாக் அடிக்குது. சாயங்காலம் ஆள் வருவாரு.”