ஏப்ரல் ஏழாம் தேதி எண்ணிய சரக்கு

மண்ணூர்பேட்டை டியூஷன் சென்டரில் நாகேந்திரன் சார் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த டெஸ்டிலும் சரக்குக் கணக்கு தப்பினால், ஜெபா இந்த முறை பரீட்சை எழுத வேண்டாம். ஏற்கெனவே இரண்டு தடவை அதில்தான் அவள் கவிழ்ந்திருந்தாள்.

கேள்வியில் கணக்காண்டு மார்ச்சோடு முடிகிறது. கடைக்காரர் சரக்கை எண்ணியதோ ஏப்ரல் ஏழாம் தேதி; கையிருப்பு ஐந்து லட்சம். அந்த ஒரு வாரத்தில் அறுபதாயிரத்துக்குக் கொள்முதல், ஒரு லட்சத்துக்கு விற்பனை. அடக்க விலையில் கால் பங்கு லாபம். மார்ச் கடைசி நாளில் கடையில் எவ்வளவு சரக்கு இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஜெபா லாபத்தை எடுத்துவிட்டு, விற்ற சரக்கை எண்பதாயிரமாகத் திரும்பக் கூட்டினாள். கொள்முதலைக் கழிக்கப் போகும்போது கடைசி வரி கண்ணில் பட்டது: அதில் பத்தாயிரத்துச் சரக்கு, எண்ணி முடித்த பிறகுதான் கடைக்கு வந்தது. ஐம்பதாயிரத்தை மட்டும் கழித்தாள்.

"எனுக்கு அஞ்சு லட்சத்து இருபதாயிரம் வந்துகீது. உனுக்கு இன்னா?" என்றான் பக்கத்து பெஞ்சு விஷால்.

"அஞ்சு முப்பது."

"போச்சு போ! மறுபடியும் புட்டுகிச்சா?"

சார் அவள் தாளை வாங்கிப் பார்த்தார். "ஏம்மா, அறுபதுல பத்த எங்க உட்ட?"

"வராத சரக்க அவரு எப்டி சார் எண்ணிருப்பாரு? எண்ணாதத நான் இன்னாத்துக்குக் கழிக்கணும்?"

வகுப்பே கேட்கும்படி சார் சிரித்தார். "நாளைக்கே பரீட்சைக்கு ஃபீஸ் கட்டிடு."

விஷால் தன் தாளை அவள் பக்கம் தள்ளினான். "டீச்சரம்மா, எனுக்கும் கொஞ்சம் சொல்லிக்குடேன்."

"மொதல்ல கேள்விய முழுசா படி நைனா," என்றாள் ஜெபா, தலையை நிமிர்த்திக்கொண்டு.