தானே ஓட்டிச் சென்ற டிராக்டர்

துரையின் டிராக்டர் களத்தில் நெல் மிதித்துக்கொண்டிருந்தபோது ஐசக் வந்தார். செங்கல்பட்டு ஃபைனான்ஸ் கம்பெனிக்காகத் தவணை தவறிய வண்டிகளைப் பிடிப்பவர். கூட இரண்டு ஆட்கள். களத்தில் இருபது பேர் இருந்தார்கள்.

முந்தைய வருடம் ஏரி நிரம்பவில்லை. இரண்டு அரையாண்டுத் தவணைகள் நின்றுபோயின. அதற்கு முன்பும் துரை தாமதமாகக் கட்டியதுண்டு; வட்டி சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். இந்தத் தடவையும் அறுவடை முடிய விடுவார்கள் என்றே நம்பியிருந்தார்.

"போன தடவை ஒத்துக்கினீங்களே சார்?"

"ஒத்துக்கினாலும் எங்க உரிமை போவாதுன்னு அக்ரிமெண்ட்ல கீது அண்ணே. கடைசித் தவணை கட்டற வரைக்கும் வண்டி கம்பெனியுது. நீங்க வாடகைக்கு ஓட்டறவரு." ஐசக் குரலைத் தாழ்த்தினார். "என் ஆளுங்க சாவியப் புடுங்கினா ஊரே வேடிக்கை பாக்கும். நீங்களே ஓட்டினு வாங்க. சர்வீசுக்குப் போறேன்னு சொல்லிக்குங்க. மரியாதையா முடிஞ்சிடும்."

துரைக்கு அது உதவியாகத் தோன்றியது. மனைவி ரேவதி கையைப் பிடித்தாள். "இன்னாத்துக்கு நீ ஓட்டினு போற? வண்டிய எடுக்கறோம்னு அவங்கள எழுதிக் குடுக்கச் சொல்லு."

"சும்மா இரு. எல்லாரும் பாக்கறாங்க."

பிடித்த வண்டிகளை நிறுத்தும் செங்கல்பட்டு யார்டுக்குத் துரையே ஓட்டிச் சென்றார். அங்கே ஒரு தாளை நீட்டினார்கள். வண்டியை ஒப்படைத்ததற்கான ரசீது என்றார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஆறாம் நாள் ரேவதியின் நகையை அடகு வைத்து, பாக்கி முழுவதையும் எடுத்துக்கொண்டு போனார். வண்டி விற்றாகிவிட்டது. வந்த விலை கடனுக்குப் போதவில்லை. மீதியையும் அவர்தான் கட்ட வேண்டுமாம்.

உத்திரமேரூர் வக்கீல் தேவகி தாளின் நகலை இரண்டு முறை படித்தார்.

"விக்கறதுக்கு முன்னாடி ஏழு நாள் நோட்டீஸ் கொடுக்கணும்னு உங்க ஒப்பந்தத்துலயே இருக்கு. அந்த ஏழு நாளுக்குள்ள பாக்கியைக் கட்டி வண்டியை மீட்டிருக்கலாம். இதுல நீங்க என்ன எழுதிக் கொடுத்திருக்கீங்க தெரியுமா? 'கட்ட இயலாததால் மனமுவந்து ஒப்படைக்கிறேன். முன்னறிவிப்பின்றி விற்கச் சம்மதம்.'"

"ரசீதுன்னாங்கம்மா."

"அடிச்சாங்களா? மிரட்டினாங்களா?"

"இல்ல."

"வண்டியை யார் ஓட்டிட்டுப் போனது?"

ரேவதி சொன்னாள்: "இவருதாம்மா. ஊரு சிரிக்குமேன்னு."

தேவகி பேனாவை எடுத்தார். எந்த விலைக்கு, யாருக்கு விற்றார்கள் என்று கணக்குக் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம். அடிமாட்டு விலைக்குத் தள்ளியிருந்தால் மீதித் தொகையை எதிர்த்து வாதாடலாம். டிராக்டர் திரும்புமென்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

"ஜாமீன் யாரு போட்டது?"

"இவ அண்ணன் வேதாசலம். கூரத்துல."

"மீதியை அவர்கிட்டயும் கேப்பாங்க. நோட்டீஸ் இந்நேரம் தபால்ல இருக்கும்."

ரேவதி எழுந்துகொண்டாள். தபால்காரன் போய்ச் சேர்வதற்குள் அண்ணனிடம் தானே சொல்லிவிட வேண்டும். காஞ்சிபுரம் பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் ஏறி உட்கார்ந்தாள். துரை பின்படிக்கட்டருகே நின்றார். கூரத்தில் இறங்கியதும் அவள் அவருக்காக நிற்காமல் அண்ணன் வீட்டை நோக்கி நடந்தாள்.