பழைய மடிப்புக் கோடு

நகல் கடைக்காரி அளவில் தப்பு செய்தாள் என்று யாராவது சொன்னால், அந்தத் தெருவில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். முதலில் அவளே நம்ப மாட்டாள். பதினெட்டு வருடமாக இயந்திரத்தின் முன் நிற்கிறாள். கண்ணாடி மேல் தாளை வைத்தால் ஒரு நூல் கோணாது. அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் திரைச்சீலை அரை விரல் இறங்கித் தொங்கினால்கூட எழுந்து போய்ச் சரிசெய்துவிட்டு வந்துதான் சாப்பிடுவாள்.

அவளுடைய நாத்தனார் இதற்கு நேர் எதிர். பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்துக் கிழித்து, எல்லா வேலையையும் ஓடிக்கொண்டே செய்கிற சுபாவம். 'அவசரக்குடுக்கை' என்று கடைக்காரி அவளுக்குப் பெயர் வைத்திருந்தாள். முகத்துக்கு நேரே சொன்னதில்லை, ஆனால் நாத்தனாருக்கு அது தெரியாமலும் இல்லை.

இப்படிப்பட்ட இரண்டு பேரைச் சேர்த்து ஒரு போர்வை தைக்கச் சொன்னது கடைக்காரியின் மகள். அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது, ஆறு மாதத்தில் போய்ச் சேர வேண்டும். கடைக்காரியின் கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவருடைய சட்டைகள் அலமாரியில் அப்படியே தொங்கின. "அப்பா சட்டையெல்லாம் வெச்சு ஒரு போர்வை வேணும். நீயும் அத்தையும் பாதிப் பாதி தைக்கணும்" என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். காரணம் ஊரறிந்தது. அம்மாவும் அத்தையும் முகம் கொடுத்துப் பேசி ஒன்றரை வருடம் ஆகிறது.

பேச்சு நின்றது ஒரே ஒரு வார்த்தையால். ஆஸ்பத்திரி வராந்தாவில், டாக்டர் கையை விரித்துவிட்டுப் போன பிறகு, நாத்தனார் அவளைப் பார்த்து, "கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா அண்ணி?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது, இன்னும் எடுபடவில்லை. தான் எதிலும் தப்பு செய்கிறவள் இல்லை என்று அவளுக்குக் காட்டியாக வேண்டும் என்கிற வெறி அன்றைக்குப் பிடித்ததுதான்.

தையல் வகுப்பு டீச்சர் ஒருத்தி மகளுக்குத் தெரிந்தவள். அவள் ஒரே ஒரு தாள் கொடுத்தாள். அதில் அறுகோணங்கள், ஒவ்வொரு பக்கமும் சரியாக ஒன்றரை அங்குலம். வழியையும் சொல்லிக்கொடுத்தாள். தாளை அறுகோணமாக வெட்ட வேண்டும். துணியைச் சுற்றிலும் கால் அங்குலம் பெரிதாக வெட்டி, காகிதத்தின் மேல் ஆறு பக்கமும் மடித்து, நீட்ட நீட்டமாகக் கச்சாத் தையல் போட்டுப் பிடிக்க வேண்டும். பிறகு இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் பொடித் தையல் போட வேண்டும். ஊசி துணியின் மடிப்பில் இரண்டு இழையை மட்டும் கவ்வ வேண்டும், காகிதத்தைத் தொடக் கூடாது. ஒரு துண்டுக்குச் சுற்றிலும் ஆறு பக்கமும் இணைந்த பிறகுதான் அதன் கச்சாத் தையலைப் பிரித்துக் காகிதத்தை உருவலாம். அதுவரை வடிவத்தைப் பிடித்துவைத்திருப்பது அந்தக் காகிதம்தான்.

கடைக்காரி தன் கடையிலேயே அந்தத் தாளை நகல் எடுத்து வெட்டிக்கொண்டாள். அசல் தாளை மகள் மூலம் நாத்தனாருக்கு அனுப்பிவைத்தாள். "தொலைச்சிடப் போறா, சொல்லிக் குடு" என்று மகளிடம் ஒரு குத்தும் குத்தினாள். நாத்தனார் அதை அட்டையில் ஒட்டி வெட்டி, அதை வைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் பழைய தாள்களில் வெட்டிக்கொண்டாளாம். டிப்போவில் அடுத்த வண்டி கிளம்பும்வரை பெஞ்சில் உட்கார்ந்து தைக்கிறாளாம். கடைக்காரிக்குச் சிரிப்புதான் வந்தது. பஸ் புகையில் உட்கார்ந்து தைத்தால் தையல் என்ன லட்சணத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆளுக்கு எட்டு வரிசை, வரிசைக்கு இருபது. நீலக் கோடு போட்ட சட்டை, சாம்பல் நிறச் சட்டை, கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய அந்த வெளுத்த மஞ்சள் சட்டை, எல்லாம் துண்டு துண்டாக வந்து உட்கார்ந்தன. ஐந்து மாதத்தில் இரண்டு பாதியும் தயாராகின. இரண்டையும் சேர்க்கிறவரை ஒரு காகிதத்தையும் உருவுவதில்லை என்று பேச்சு.

சேர்க்கிற நாளில் நாத்தனார் தன் பாதியைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். கடைக்காரி சாப்பாட்டு மேஜையைத் துடைத்து இரண்டையும் விரித்தாள். இடது மூலையை மூலையோடு பொருத்தினாள். வலது பக்கம் போய்ப் பார்த்தால், நாத்தனாரின் பாதி நான்கு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு இரண்டு மில்லிமீட்டர் சேர்ந்து இருபதாவதில் அங்கே வந்து நின்றது.

கடைக்காரிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வந்தது. இதற்காகத்தான் ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருந்தாள். அளவு என்றால் என்ன என்பதில் தொடங்கி, பென்சில் கோட்டுக்கு வெளியே வெட்டினால் இப்படித்தான் ஆகும் என்று போய், பிள்ளை ஊருக்குக் கிளம்ப ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் இப்படிச் செய்யலாமா என்பதுவரை பிடிபிடி என்று பிடித்துவிட்டாள். கடைசியில், "எதையும் அளந்து செஞ்சாத்தானே? செய்யறதும் அப்படி, பேசறதும் அப்படி" என்றாள்.

மகள் முகம் தொங்கிப்போயிற்று. நாத்தனார் குனிந்து இரண்டு ஓரங்களையும் விரலால் தடவிப் பார்த்தாள். கடைக்காரியின் டப்பாவில் மீந்திருந்த ஒரு காகிதத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"விடுங்க அண்ணி. நான் சரிபண்ணிக் கொண்டாரேன்" என்று தன் பாதியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து அது மகளின் கையில் திரும்பி வந்தது. கடைக்காரி மேஜையில் விரித்தாள். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அச்சில் வார்த்தது போல உட்கார்ந்தது. "பாத்தியா, சொன்னாத்தான் புத்தி வருது" என்று மகளிடம் சொல்லிவிட்டு, இரண்டே நாளில் நடுவை அவளே தைத்து முடித்தாள். அந்த இரண்டு நாளும் அவள் நடையே தனி.

மகள் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது காகிதம் உருவ உட்கார்ந்தார்கள். நாத்தனார் டூட்டி முடிந்து வருவதாகச் சொல்லியிருந்தாள். மகள் கச்சாத் தையலின் முடிச்சை வெட்டி நூலை இழுக்க, கடைக்காரி காகிதத்தை உருவினாள். அவள் பாதியில் வெள்ளைக் காகிதங்கள் வந்தன. நாத்தனாரின் பாதியில் டிப்போவின் டூட்டி அட்டவணைத் தாள்கள் வந்தன. ஒன்றில் இந்த மாதம் எட்டாம் தேதி. இன்னொன்றில் பத்தாம் தேதி. எது உருவினாலும் இந்த மாதம்தான்.

"ஓரத்த மட்டும் சரிபண்ணியிருப்பாங்கன்னு நெனச்சேன், எல்லாத்துலயும் இந்த மாசத்துத் தாள் எப்படி வந்துச்சு?" என்று மகள்தான் கேட்டாள்.

கடைக்காரி துணியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். மஞ்சள் சட்டைத் துண்டு. உள்ளே மடிந்திருந்த ஓரத்தில், இப்போதைய மடிப்புக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி, இன்னொரு மடிப்புக் கோடு தெரிந்தது. அந்தக் கோட்டின் மேல் பொடிப் பொடியாக ஊசி ஓட்டைகள் வரிசை பிசகாமல் ஓடின. ஒருமுறை தைத்துப் பிரித்த தடம். அடுத்த துண்டிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே. நூற்றறுபதையும் பிரித்து, சின்னக் காகிதத்தின் மேல் மறுபடி மடித்து, மறுபடி தைத்திருக்கிறாள்.

சரிதான், பெரிதாக வெட்டியதைச் சின்னதாக்கியிருக்கிறாள் என்று கடைக்காரி மனசைத் தேற்றிக்கொண்டாள். கை சும்மா இருக்கவில்லை. ஸ்கேலை எடுத்து அந்தப் பழைய கோட்டை மூலைக்கு மூலை அளந்தாள். ஒன்றரை அங்குலம். நூல் பிசகவில்லை. பிறகு தன் வெள்ளைக் காகிதம் ஒன்றை எடுத்து அளந்தாள். ஒன்றரைக்கு ஒரு மில்லிமீட்டர் குறைந்தது. இன்னொன்று எடுத்தாள். அதுவும் குறைந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடையில் அடையாள அட்டை நகல் எடுக்க வருகிறவர்களுக்கு ஓரம் வெட்டுப்படக் கூடாது என்று இயந்திரத்தைத் தொண்ணூற்றேழு சதவீதத்தில் வைப்பது அவளேதான். தினமும் அழுத்துகிற பொத்தான். அன்றைக்கு அதை நூறுக்கு மாற்றாமல் டீச்சரின் தாளை வைத்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் அளவு சொல்லிக்கொண்டு திரிந்தவள், தன் பாதி முழுவதையும் சுருக்கித் தைத்திருக்கிறாள். அதோடு நின்றாளா? சரியாகத் தைத்தவளை மேஜை முன்னால் நிற்கவைத்து வறுத்தெடுத்திருக்கிறாள்.

நாத்தனார் காக்கிச் சட்டையோடு உள்ளே வந்தபோது மகள் தேநீர் போடுவதாகச் சொல்லிச் சமையலறைக்கு நழுவினாள். மேஜையில் ஸ்கேலும் திருப்பிப் போட்ட போர்வையும் கிடந்த கோலத்தைப் பார்த்தே நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள் கடைக்காரி.

"அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் அளந்தேன் அண்ணி."

"அளந்துட்டு ஏன் என்கிட்ட சொல்லல? என்னுதப் பிரிச்சிருக்கணும், உன்னுத இல்ல."

நாத்தனார் பையை நாற்காலியில் மாட்டினாள். "பெருசைச் சின்னதாக்கறது சுலபம். துணி பத்தாமப் போகாது" என்றாள். அது உண்மைதான். ஆனால் அதுதான் காரணம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. மேஜையில் கிடந்த நூலைச் சுருட்டிக்கொண்டே நாத்தனாரே சொன்னாள். "இன்னொரு தடவை உங்களப் பாத்து உங்க தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல அண்ணி."

கடைக்காரி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருடமாகப் பூட்டிவைத்திருந்தது இப்போது தானாக வெளியே வந்தது.

"நீ கேட்டதுல தப்பில்ல. உங்க அண்ணன் வாயுன்னு சொன்னாரு. ஒரு மாத்திரை குடுத்துட்டு நான் பாட்டுக்குக் கடை திறக்கப் போயிட்டேன். நீ கேக்கறதுக்கு முன்னாடியே என்னை நானே அதத்தான் கேட்டுட்டு இருந்தேன். அதான் உன்மேல அவ்வளவு கோவம்."

நாத்தனாரின் முகம் மாறியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"முந்தின நாளே அண்ணன் எனக்குப் போன் பண்ணிச்சு. நெஞ்ச என்னவோ பண்ணுது, வாயுவாத்தான் இருக்கும்னுச்சு. வண்டியில கூட்டம். வெந்நி குடிண்ணே, அப்பறம் பேசறேன்னு வெச்சிட்டேன். அப்பறம் நான் பேசவே இல்ல. அதத் தாங்க முடியாமத்தான் அண்ணி, அன்னிக்குப் பழிய உங்க தலையில கட்டினேன்."

கடைக்காரிக்குத் திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. இத்தனை நாளும் இவளும் தன்னைப் போலவே தனியாகக் கிடந்து வெந்திருக்கிறாளே என்றுதான் தோன்றியது. எழுந்து போய் அவள் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே அழுதார்கள். மகள் தேநீரைக் கொண்டுவந்தவள், வாசற்படியிலேயே நின்று, ஆறட்டும் என்று திரும்பிப் போனாள்.

பிறகு கடைக்காரி மூக்கைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. இன்னும் பாதி உருவணும். ஓரத்து வரிசைக் காகிதத்த மட்டும் எடுத்துடாத, பார்டர் வெச்சுத் தெச்சப்பறம்தான் எடுக்கணும்."

"பார்டருக்கு அளவு?" என்று கேட்டாள் நாத்தனார். அழுத முகத்தில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது.

கடைக்காரி ஸ்கேலை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள். "நீயே எடு" என்றாள்.